சிவப்புக் கட்டம் எங்கே போட வேண்டும்: செயல்முறை ஸ்லைடுகளுக்கு ஸ்கிரீன்ஷாட் தயாரித்தல்

மென்பொருள் பயிற்சிக்கான ஸ்லைடுகளில் பெரும்பாலானவை ஒரே விதமாகக் கெடுகின்றன. முழுத் திரையையும் படம் பிடித்து, ஸ்லைடின் பாதிக்குள் சுருக்கி, அதன்மேல் ஏழெட்டு அம்புகளைப் பாய விட்டிருப்பார்கள். எந்த அம்பை முதலில் பார்ப்பது என்று பின்வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அம்பு காட்டும் எழுத்தை அவரால் படிக்க முடியாது. இரண்டு குறைகளையும் வரைகருவிகளால் சரிசெய்ய இயலாது. படம் பிடிப்பதற்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவுகளைப் பொறுத்தவை அவை.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே எடுத்துக்காட்டோடு நடக்கிறது. தமிழ்ப் பெயர்கள் உள்ள CSV கோப்பை லிப்ரே ஆபிஸ் கால்க்கில் எழுத்துச் சிதையாமல் திறப்பது எப்படி என்று பள்ளி அலுவலகப் பணியாளர்களுக்குக் காட்ட ஐந்து ஸ்லைடுகள் தேவை. ஸ்லைடுகளை இம்ப்ரெஸ்ஸில் செய்கிறோம். பவர்பாயிண்ட்டில் செய்பவர்களுக்கும் கணக்கு இதுவே. ஸ்லைடின் அளவு மட்டும் மாறும்.

இந்தப் பணியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கோப்பைத் திறக்கும்போது தோன்றும் Text Import என்ற உரையாடல் பெட்டியில் தேர்வுகள் நெருக்கமாக இருக்கின்றன. அவற்றில் பயனருக்கு வேண்டியவை ஐந்தே. மற்றவற்றைத் தொடாமல் கடந்துபோக அவருக்கு வழிகாட்ட வேண்டும்.

முதலில் படிகள், பிறகுதான் படம்

படம் பிடிக்கும் கருவியைத் திறக்கும் முன் படிகளைத் தாளில் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு செயலாக இருக்க வேண்டும்: சொடுக்குவது, தேர்ந்தெடுப்பது, தட்டச்சு செய்வது. நம் பணிக்கு வரும் பட்டியல் இது.

1. `Character set` என்ற இடத்தில் `Unicode (UTF-8)` தேர்ந்தெடுத்தல்.
2. `Separated by` என்பதன் கீழ் `Comma` மட்டும் குறியிட்டிருக்கச் செய்தல்.
3. கீழேயுள்ள முன்காட்சியில் பதிவு எண் நெடுவரிசையின் தலையைச் சொடுக்குதல்.
4. `Column type` பட்டியலில் `Text` தேர்ந்தெடுத்தல்.
5. `OK` அழுத்துதல்.

மூன்றும் நான்கும் எதற்கு என்றால், பதிவு எண் 0147 என்று இருந்தால் கால்க் அதை எண்ணாகக் கருதி முன்னாலுள்ள சுழியத்தை விட்டுவிடும். கட்டத்தில் 147 மட்டுமே மிஞ்சும். அந்த நெடுவரிசையை உரையாக வாசிக்கும்படி சொன்னால் சுழியம் பிழைக்கும்.

இப்போது பட்டியலைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தெந்தப் படிகள் திரையின் ஒரே நிலையில் நடக்கின்றன? முன்காட்சியில் நெடுவரிசையைச் சொடுக்கும்வரை `Column type` மங்கலாக, தொட முடியாததாக இருக்கும். ஆகவே 3, 4 இரண்டையும் ஒரே படத்தில் குறித்தால், மங்கலாகக் கிடக்கும் ஒன்றின்மேல் “இதைத் தேர்ந்தெடுங்கள்” என்ற எண் உட்கார்ந்திருக்கும். அல்லது நெடுவரிசையின் தலை ஏற்கெனவே `Text` என்று மாறிவிட்ட படத்தில் “இதைச் சொடுக்குங்கள்” என்று சொல்லிக்கொண்டிருப்போம். பயனரின் திரையும் ஸ்லைடும் ஒத்துப்போகாத கணமே அவர் நின்றுவிடும் கணம். ஒரு படம் திரையின் ஒரு நிலையை மட்டுமே காட்ட வேண்டும் என்பதில் நான் விடாப்பிடியாக இருக்கிறேன். ஸ்லைடு ஒன்று கூடினால் கூடட்டும்.

அந்த நிலை செயலுக்கு முந்தையதா, பிந்தையதா என்பதையும் தீர்மானிக்க வேண்டும். நான் பின்பற்றும் முறை இது. பட்டியலிலிருந்து மதிப்பைத் தேர்ந்தெடுக்கும் படியென்றால், தேர்ந்தெடுத்த பிறகு இருக்கும் நிலையைக் காட்டுகிறேன். பயனர் தம் திரையையும் படத்தையும் ஒப்பிட்டு “ஒன்றுபோல் இருக்கிறது” என்று உறுதிசெய்துகொள்ளலாம். திரையையே மாற்றிவிடும் பொத்தானென்றால், அழுத்துவதற்கு முந்தைய நிலை. அழுத்திவிட்டால் அந்தப் பொத்தானே காணாமல் போகும்.

Text Import பெட்டி முன்முறை செய்த தேர்வுகளை நினைவில் வைத்திருக்கும். பயிற்சியாளரின் கணினியில் காற்புள்ளி ஏற்கெனவே குறியிடப்பட்டிருக்கலாம்; பயனரின் கணினியில் அரைப்புள்ளியோ இடைவெளியோ சேர்ந்து குறியிடப்பட்டிருக்கலாம். அதனால் இரண்டாம் படிக்கான வாக்கியத்தை “Comma-வைச் சொடுக்குங்கள்” என்று எழுதக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் குறியை அவர் சொடுக்கி நீக்கிவிடுவார். “Comma-வில் மட்டும் குறி இருக்க வேண்டும்; மற்றவற்றில் இருந்தால் நீக்குங்கள்” என்பதே சரி.

மாதிரித் தரவு

உண்மையான மாணவர் பட்டியலைத் திறந்து படம் பிடித்துவிட்டு, பிறகு பெயர்களை மங்கலாக்கலாம் என்று எண்ணாதீர்கள். நாலைந்து வரியில் ஒரு கோப்பை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

```
பதிவு எண்,பெயர்,வகுப்பு,மதிப்பெண்
0147,அகிலா,9,82
0148,பரிதி,9,76
0149,கயல்விழி,9,91
```

இதில் ஒவ்வொன்றும் தேர்ந்து வைத்தது. பதிவு எண்கள் சுழியத்தில் தொடங்குகின்றன. அந்தச் சிக்கல் படத்தில் தெரிந்தாக வேண்டும். பெயர்கள் நீளம் மாறுபடுகின்றன. முன்காட்சி இயல்பாக இருக்கும். மின்னஞ்சல் நெடுவரிசை தேவைப்பட்டால் `example.com` முகவரிகளை இடுங்கள். எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட பெயர் அது. எவருடைய அஞ்சற்பெட்டிக்கும் போய்ச் சேராது.

கோப்பின் பெயரும் கவனத்துக்குரியது. உரையாடல் பெட்டியின் தலைப்புப் பட்டையில் அது தெரியும். `final_new_2(1).csv` என்ற பெயர் ஸ்லைடில் இருந்தால் வகுப்பில் ஒருவராவது அதைப் பற்றிக் கேட்பார். `maanavar.csv` போதும்.

எவ்வளவு வெட்டுவது: ஒரு சிறிய கணக்கு

வெட்டுவதைப் பலர் அழகுக்கான வேலையாக நினைக்கிறார்கள். படத்திலுள்ள எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை முடிவுசெய்வது இந்த வெட்டுத்தான்.

இம்ப்ரெஸ்ஸில் 16:9 ஸ்லைடின் அளவு 28 × 15.75 செ.மீ. எழுத்துருக்களை அளக்கும் பாயிண்ட் அலகில் சொன்னால் ஏறக்குறைய 794 × 446. கணினித் திரை 1920 பிக்சல் அகலம் என்று கொள்வோம். விண்டோஸில் பட்டிகள், பொத்தான்களின் எழுத்து 100 சதவீத அளவில் 12 பிக்சல். முழுத் திரையையும் பிடித்து ஸ்லைடு முழுக்க நிரப்பினால், 1920 பிக்சல் 794 பாயிண்ட்டுக்குள் ஒடுங்குகிறது. அந்த எழுத்து 5 பாயிண்ட்டாகச் சுருங்கிவிடும். ஸ்லைடில் யாரும் 5 பாயிண்ட்டில் ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்ய மாட்டார்கள். ஆனால் ஸ்கிரீன்ஷாட் வழியாக அதையே படிக்கச் சொல்கிறோம்.

படத்தில் படிக்க வேண்டிய எழுத்து 12 பாயிண்ட்டுக்குக் குறையக் கூடாது என்று வைத்துக்கொண்டால் கணக்கு மிக எளிதாகிறது: திரையின் ஒரு பிக்சலுக்கு ஸ்லைடில் ஒரு பாயிண்ட் இடம். ஸ்லைடில் படத்துக்கு ஒதுக்கும் இடம் எத்தனை பாயிண்ட்டோ, அத்தனை பிக்சலுக்குமேல் திரையிலிருந்து வெட்டி எடுக்கக் கூடாது.

இதை Text Import பெட்டிக்குப் பொருத்திப் பாருங்கள். மேலே தலைப்புக்கு இரண்டு செ.மீ., கீழே விளக்கத்துக்கு மூன்று செ.மீ. விட்டால் படத்துக்கு 26 × 10 செ.மீ. கிடைக்கும். பாயிண்ட்டில் 737 × 283. அகலத்தில் பெட்டி பொருந்திவிடும், உயரத்தில் பொருந்தாது. பெட்டி அதைவிட நெட்டையானது. எனவே இரண்டாக வெட்ட வேண்டும். மேற்பாதியில் எழுத்துமுறையும் பிரிப்பான்களும். கீழ்ப்பாதியில் `Column type`, முன்காட்சி, `OK`. படிகள் 1, 2 மேற்பாதியிலும் 3, 4, 5 கீழ்ப்பாதியிலும் விழுகின்றன. பெட்டியின் ஓரத்தை இழுத்துச் சிறிதாக்கினால் முன்காட்சிப் பகுதி குறுகும். நமக்கு நான்கு வரி தெரிந்தால் போதும். படம் பிடித்த பிறகு வெட்டுவதைவிட, பிடிக்கும் முன்பே சாளரத்தைச் சிறிதாக்குவது எப்போதும் நல்லது.

படத்தை இடப்பக்கமும் விளக்கத்தை வலப்பக்கமும் வைக்கும் வழக்கமான அமைப்பு இங்கே ஏன் உதவாது என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. விளக்கத்துக்கு ஒன்பது செ.மீ. கொடுத்தால் படத்துக்கு ஏறத்தாழ 17 செ.மீ. மிஞ்சும், அது 480 பிக்சலுக்கே போதும். பெட்டியின் அகலம் அதற்குள் அடங்காது. அகலமும் குட்டையுமான வெட்டுக்குப் படம் மேலே, விளக்கம் கீழே. பக்கப்பட்டை போன்ற ஒல்லியான பகுதியென்றால் பக்கவாட்டில் வைப்பது பொருந்தும்.

அளவு சரியாகிவிட்டது, தெளிவு இன்னும் இருக்கிறது. 737 பிக்சல் அகலமுள்ள துண்டை 26 செ.மீ.க்கு விரித்து, 1920 பிக்சல் புரொஜெக்டரில் காட்டினால் அது ஏறத்தாழ 1780 பிக்சலாக நீட்டப்படுகிறது. எழுத்தின் விளிம்புகள் கரைந்து தெரியும். தீர்வு, பிடிக்கும் முன் திரை அமைப்பில் அளவை 200 சதவீதமாக்குவது. விண்டோஸில் Settings, System, Display வழியாகப் போனால் `Scale` என்று இருக்கும். இப்போது அதே துண்டு 1474 × 566 பிக்சலாகக் கிடைக்கும். ஸ்லைடில் அதே இடம், இரட்டிப்புத் தெளிவு. 200 சதவீதத்தில் பெட்டி திரைக்குள் அடங்கவில்லையென்றால் 150-க்கு இறங்குங்கள். ஒரு தொகுப்பின் எல்லாப் படங்களும் ஒரே அளவில் பிடிக்கப்பட வேண்டும். பாதியில் மாற்றினால் ஒரே பொத்தான் ஒரு ஸ்லைடில் பெரிதாகவும் அடுத்ததில் சிறிதாகவும் நிற்கும்.

வெட்டுக்கோடு எங்கே ஓட வேண்டும் என்பதற்கு மென்பொருளே இடம் வைத்திருக்கிறது: பகுதிகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடம், பிரிப்புக்கோடு, சாளரத்தின் ஓரம். எழுத்தின் நடுவே ஓடும் வெட்டு படிப்பவரின் கண்ணை அங்கேயே இழுத்து வைத்துக்கொள்ளும். மேற்பாதியில் தலைப்புப் பட்டையைக் கட்டாயம் விட்டு வையுங்கள். எந்தப் பெட்டியைப் பார்க்கிறோம் என்பதற்கு அது ஒன்றே அடையாளம். கீழ்ப்பாதியில் அது இருக்காது. அதனால் அந்த ஸ்லைடின் தலைப்பில் “அதே பெட்டியின் கீழ்ப்பகுதி” என்று சொல்லிவிட வேண்டும். வெள்ளைப் பின்னணியில் வெளிர்நிறப் பெட்டி கரைந்துபோகாதிருக்க, படத்தைச் சுற்றி மெல்லிய சாம்பல் கோடு ஒன்று போதும்.

படம் பிடித்தல்

விண்டோஸில் `Alt + PrtScn` முன்னால் உள்ள சாளரத்தை மட்டும் பிடிக்கும். உரையாடல் பெட்டிக்கு அதுவே ஏற்றது. மேக்கில் `Cmd + Shift + 4`, பிறகு இடைவெளிப் பட்டை. சொடுக்கும்போது `Option` விசையை அழுத்தியிருந்தால் சாளரத்தின் நிழல் படத்தில் வராது. நிழல் வந்தால் வெட்டுக் கணக்குத் தப்பும்.

திறந்த பட்டியலைப் பிடிக்க வேண்டியிருந்தால், விசையைத் தொட்டதும் பட்டியல் மூடிக்கொள்ளும். தாமதம் வைத்துப் பிடியுங்கள். விண்டோஸின் Snipping Tool-இல் தாமதத் தேர்வு இருக்கிறது. லினக்ஸில் ஃபிளேம்ஷாட் பயன்படுத்துவோருக்கு:

```
flameshot gui -d 3000
```

எண் மில்லிவினாடியில், மூன்று வினாடிக்குள் பட்டியலைத் திறந்து வைக்கலாம். நம் எடுத்துக்காட்டில் இது தேவைப்படவில்லை. எழுத்துமுறைப் பட்டியல் மிக நீளமானது. திறந்து காட்டினால் பெட்டியையே மறைத்துவிடும். தேர்ந்தெடுத்த மதிப்போடு மூடிய நிலையில் காட்டுவது தெளிவு.

கோப்பை PNG-யாகச் சேமியுங்கள். JPEG கூர்மையான எழுத்தின் ஓரங்களில் அழுக்குப் படிந்ததுபோன்ற புள்ளிகளை விட்டுவைக்கும். மூலப்படங்களை எதுவும் வரையாமல் ஒரு கோப்புறையில் வைத்திருங்கள்: `01-thavaru.png`, `02-mel.png`, `03-keezh.png` என்பதுபோல்.

எண்களையும் கட்டங்களையும் ஃபிளேம்ஷாட், ஷேர்எக்ஸ் போன்ற கருவிகள் படத்தின்மேலேயே வரைந்து தரும். எண் தானாக ஏறும். ஓர் ஒற்றைப் படத்தை நண்பருக்கு அனுப்ப அது வசதி. ஸ்லைடு தொகுப்புக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். படத்தோடு ஒட்டிப்போன எண்ணை மாற்ற முடியாது. நடுவில் ஒரு படி சேர்ந்தால் பின்னாலுள்ள எல்லாப் படங்களையும் மறுபடி செய்ய வேண்டும். படத்தைப் பெரிதாக்கினால் எண்ணும் சேர்ந்து பெரிதாகி, ஸ்லைடுக்கு ஸ்லைடு அளவு மாறும். படம் தனி, குறிகள் அதன்மேல் இம்ப்ரெஸ் வடிவங்களாகத் தனி என்பதே நீண்டகாலத்துக்கு உழைப்பைக் குறைக்கும்.

கட்டமும் எண்ணும்

படத்தை ஸ்லைடில் வைத்தவுடன் அதைத் தேர்ந்தெடுத்து `F4` அழுத்துங்கள். இடம், அளவு காட்டும் பெட்டி வரும். அதிலுள்ள `Protect` பகுதியில் இரண்டு குறிகளையும் இட்டால், கட்டம் வரையும்போது கைபட்டுப் படம் நகராது.

கட்டத்துக்கு: உள்நிறம் இல்லாத செவ்வகம், கோட்டின் தடிமன் 0.08 செ.மீ., ஒரே நிறம். நிறத்தை மென்பொருளின் தோற்றத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். Text Import பெட்டியில் தேர்வானவை பெரும்பாலும் நீலத்தில் தெரியும். அங்கே நீலக் கட்டம் மென்பொருளின் பகுதியாகவே தோன்றிவிடும். அடர்சிவப்பு பொருந்துகிறது. பிழையைச் சிவப்பில் காட்டும் மென்பொருளென்றால் அடர் ஊதாவுக்குப் போங்கள். இணைய அணுகல்தன்மை நெறியான WCAG 2.1, எழுத்தல்லாத குறிகளுக்குப் பின்னணியோடு குறைந்தது 3:1 நிறவேறுபாடு கேட்கிறது. புரொஜெக்டர் நிறங்களை வெளுக்கச் செய்யும் என்பதால் அதைத் தாண்டியே இருங்கள். மஞ்சள், வெளிர்ப்பச்சைக் கோடுகள் வெளிச்சமான அறையில் காணாமல் போகும்.

கட்டம் குறிக்கும் பொருளை நெருக்கிப் பிடிக்கக் கூடாது; எல்லாப் பக்கமும் எழுத்துயரத்தில் பாதியளவாவது இடைவெளி வேண்டும். அதைவிட முக்கியம், கட்டத்துக்குள் எது அடங்குகிறது என்பது. `Character set` என்ற பெயரையும் அதன் எதிரிலுள்ள பட்டியலையும் சேர்த்து ஒரே கட்டம் போடுங்கள். பட்டியலை மட்டும் சுற்றினால் அது எந்தப் பட்டியல் என்று தேட வேண்டும். பெயரை மட்டும் சுற்றினால் எங்கே சொடுக்குவது என்பது தெரியாது. `Comma`-வுக்கோ நேர்மாறு: எல்லாப் பிரிப்பான்களையும் சுற்றினால் எது என்ற கேள்வி எழும், அந்த ஒன்றை மட்டும், குறிப்பெட்டியோடு சேர்த்துச் சுற்றுங்கள்.

எண் வட்டம் 0.9 செ.மீ. விட்டம், அதே சிவப்பு நிரப்பு, வெள்ளையில் 16 பாயிண்ட் தடித்த எண். `Shift` விசையை அழுத்திக்கொண்டு வரைந்தால் நீள்வட்டம் ஆகாது. முதல் வட்டத்தை ஒழுங்காகச் செய்தபின் `Shift + F3` மூலம் நகலெடுங்கள். ஒவ்வொன்றையும் புதிதாக வரைந்தால் அளவுகள் கண்ணுக்குத் தெரியுமளவு மாறிவிடும். வட்டத்தைக் கட்டத்தின் இடது மேல் மூலையில், மையம் மூலையின்மேல் அமரும்படி வைக்கிறேன். எல்லா ஸ்லைடுகளிலும் அதே மூலை. அந்த மூலையில் ஏதேனும் எழுத்து மறையுமானால், அந்தக் கட்டத்துக்கு மட்டும் வலது மூலை. `Comma`-வின் குறிப்பெட்டி இடப்பக்கம்தான் இருக்கிறது. வட்டம் அங்கே அமர்ந்தால் குறி இருக்கிறதா என்பதே தெரியாது. ஆகவே 2 வலது மூலைக்குப் போகிறது.

நம் கீழ்ப்பாதிப் படத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. `Column type` மேலே இருக்கிறது, முன்காட்சி அதற்குக் கீழே. ஆனால் செய்ய வேண்டிய வரிசையில் கீழே உள்ளது முதலில், மேலே உள்ளது பிறகு. கண் மேலிருந்து கீழே படிக்கும் பழக்கத்துக்கு இது எதிர். எண்கள் உண்மையாகவே உதவும் இடம் இதுதான். 3-ஐத் தனி ஸ்லைடிலும் 4, 5-ஐ அடுத்த ஸ்லைடிலும் வைத்தபோது குழப்பம் முழுவதும் தீர்கிறது.

எண்கள் ஸ்லைடுக்கு ஸ்லைடு மறுபடி 1-இலிருந்து தொடங்கக் கூடாது. ஐந்து வரை ஒரே தொடராக ஓட வேண்டும். “நான்காவது படியில் நிற்கிறேன்” என்று ஒருவர் கையுயர்த்திச் சொன்னால் எங்கே என்று உடனே தெரியும்.

எண் என்பது செயலுக்கு மட்டும். “இங்கே தமிழ் சரியாகத் தெரிகிறதா பாருங்கள்” என்பது செயலன்று, சோதனை. அதற்கு எண் கொடுத்தால் பயனர் அந்த இடத்தைச் சொடுக்கத் தொடங்குவார். நான் சோதனைக்குரிய இடங்களுக்குப் புள்ளிக்கோட்டுக் கட்டம் போட்டு, எண் இல்லாமல் விடுகிறேன். முழுக்கோடு செய்வதற்கு, புள்ளிக்கோடு பார்ப்பதற்கு என்று முதல் ஸ்லைடின் அடியில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். நிறத்தால் மட்டும் வேறுபடுத்த வேண்டாம். சிவப்பும் பச்சையும் சிலருக்கு ஒன்றுபோலத் தெரியும்.

விளக்க வாக்கியங்களை ஸ்லைடின் கீழ்ப்பட்டையில் தட்டச்சு செய்த எழுத்தாக வையுங்கள், 18 பாயிண்ட்டுக்குக் குறையாமல். படத்தின்மேல் பேச்சுக் குமிழிகளாக எழுதினால் அடியிலுள்ளது மறையும். பொத்தான்களின் பெயர்களைத் திரையில் உள்ளபடியே தாருங்கள். பயனரின் மென்பொருள் ஆங்கிலத்தில் இருக்கும்போது “எழுத்துக்கணம்” என்று எழுதினால் அவர் திரையில் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஐந்து ஸ்லைடுகளும்

முதலாவது, தவறாகத் திறந்த கோப்பு. UTF-8 எழுத்துகளைப் பழைய மேற்கத்திய எழுத்துமுறையில் வாசித்தால் “த” என்பது `à®¤` என்றும் “ம” என்பது `à®®` என்றும் வரும். பக்கம் முழுக்க `à®` திரும்பத் திரும்பத் தெரியும். இதைக் கண்டவுடன் “என் கோப்பும் இப்படித்தான் வந்தது” என்று பயனருக்குப் பிடிபடும். இந்தப் படத்தை மட்டும் அதிகம் வெட்டாமல், கால்க்கின் மேற்பட்டியோடு விடலாம். இங்கே எழுத்தைப் படிக்க வேண்டிய தேவையில்லை, சிதைவைப் பார்த்தால் போதும். சிதைந்த பெயர்களைச் சுற்றி ஒரு புள்ளிக்கோட்டுக் கட்டம்.

இரண்டாவது, பெட்டியின் மேற்பாதி. கட்டங்கள் 1, 2. இரண்டும் செய்து முடித்த நிலை.

மூன்றாவது, கீழ்ப்பாதி. பதிவு எண் நெடுவரிசை தேர்வாகியிருக்கிறது. அதன் தலையில் `Standard` என்று இருக்கிறது. தலையின்மேல் 3. பெயர் நெடுவரிசையில் தமிழ் சரியாகத் தெரிவதைச் சுற்றிப் புள்ளிக்கோடு: முதல் படி பலித்ததற்கான சான்று இது. இங்கே இன்னும் `à®` தெரிந்தால் முந்தைய ஸ்லைடுக்குத் திரும்ப வேண்டும் என்பதைக் கீழே எழுதுங்கள்.

நான்காவது, அதே வெட்டு, அதே இடம். `Column type` இப்போது `Text`. நெடுவரிசையின் தலையும் `Text` என்று மாறியிருக்கிறது. 4 மேலே, 5 `OK`-வின்மேல். மூன்றாவதும் நான்காவதும் ஒரே வெட்டளவில் ஒரே இடத்தில் நிற்க வேண்டியது மிக முக்கியம். மூன்றாவது ஸ்லைடை நகலெடுத்து, படத்தை மட்டும் மாற்றி, `F4` பெட்டியில் எண்களை ஒப்பிடுங்கள். பிறகு காட்சிமுறையில் இரண்டுக்கும் இடையே வேகமாக முன்னும் பின்னும் போய்ப் பாருங்கள். படம் அசையாமல் மாறிய எழுத்து மட்டும் மாறினால் சரி. இரண்டு பிக்சல் நகர்ந்தாலும் முழுப்படமும் துள்ளும். உண்மையான மாற்றம் அந்தத் துள்ளலில் தொலைந்துபோகும்.

ஐந்தாவது, திறந்த தாள். 0147 சுழியத்தோடு இருக்கிறது. அந்தக் கட்டத்தைச் சுற்றிப் புள்ளிக்கோடு. எண் ஏதும் இல்லை.

மறைத்தது மறைந்துவிட்டதா

ஸ்லைடு மென்பொருளில் வெட்டிய பகுதி அழிவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்படுகிறது. கோப்பைப் பெறும் எவரும் வெட்டை விரித்து முழுத்திரையையும் பார்க்கலாம். ODP, PPTX இரண்டும் உண்மையில் ஜிப் கோப்புகளே. உள்ளே மூலப்படங்கள் அப்படியே கிடக்கும். நீங்களே பார்க்கலாம்:

```
unzip -l payirchi.odp
```

பட்டியலில் `Pictures` என்ற கோப்புறையில் தெரிபவை நீங்கள் செருகிய முழுப் படங்கள். பவர்பாயிண்ட்டில் Compress Pictures என்பதற்குள் `Delete cropped areas of pictures` என்ற தேர்வு இருக்கிறது. எனினும் ஸ்லைடில் செருகும் முன்பே படத்தொகுப்பு மென்பொருளில் வெட்டிப் புதிய கோப்பாகச் சேமிப்பது உறுதியானது.

புதிய கோப்பாக என்று சொல்வதற்குக் காரணம், 2023 மார்ச்சில் வெளியான ஒரு குறைபாடு. பிக்சல் கைபேசிகளின் படத்திருத்தக் கருவியிலும் விண்டோஸின் Snipping Tool-இலும், வெட்டிய படத்தைப் பழைய கோப்பின்மேலேயே சேமித்தால், சிறிய புதிய படத்துக்குப் பின்னால் பழையதன் மிச்சத் தரவு நீக்கப்படாமல் தங்கிவிட்டது. வெட்டி எறிந்த பகுதியை அதிலிருந்து ஓரளவு மீட்க முடிந்தது. இரண்டும் திருத்தப்பட்டுவிட்டன. ஆனால் அந்தக் காலத்தில் வெட்டிப் பகிர்ந்த படங்கள் இன்னும் ஸ்லைடுகளில் இருக்கலாம். பழைய தொகுப்பை மறுபயன்படுத்துபவர்கள் அந்தப் படங்களை மறுபடி பிடிப்பது நல்லது.

தப்பித்தவறி உண்மையான எண்ணோ பெயரோ படத்தில் வந்துவிட்டால், மங்கலாக்குவதையோ சதுரங்களாகச் சிதைப்பதையோ நம்பாதீர்கள். எழுத்துருவும் அளவும் தெரிந்த இடத்தில், ஒவ்வொரு எழுத்தையும் அதேபோல் சிதைத்து ஒப்பிட்டு மூலத்தைக் கண்டுபிடிக்க இயலும். மூலப்படத்திலேயே முழு நிறம் பூசி மூடுங்கள். ஸ்லைடில் மேலே ஒரு கறுப்புச் செவ்வகம் வைப்பது மூடலாகாது. அதை யாரும் நகர்த்தலாம்.

கடைசிச் சோதனைகள்

இரண்டு மீட்டர் அகலத் திரையை ஒன்பது மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் கிடைக்கும் காட்சியை, 34 செ.மீ. அகல மடிக்கணினித் திரையை ஒன்றரை மீட்டர் பின்னால் நின்று பார்த்தால் நீங்களும் பெறலாம். அங்கிருந்து `Unicode (UTF-8)` படிக்க முடிகிறதா? முடியவில்லையென்றால் இன்னும் இறுக்கமாக வெட்டுங்கள். எழுத்தைப் பெரிதாக்க வேறு வழி இல்லை.

PDF-ஆகக் கொடுப்பதென்றால், ஏற்றுமதிப் பெட்டியில் படங்களுக்கு `Lossless compression` தேர்ந்தெடுங்கள். இயல்பாக அங்கே JPEG இருக்கும். PNG-யாகப் பாதுகாத்துவந்த தெளிவு கடைசி நிமிடத்தில் போய்விடும்.

பிறகு, இந்த வேலையைச் செய்திராத ஒருவரிடம் ஸ்லைடுகளையும் `maanavar.csv` கோப்பையும் கொடுத்துவிட்டு, பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் கண் ஸ்லைடுக்கும் திரைக்கும் எத்தனை முறை போய்வருகிறது என்று கவனியுங்கள். ஒரு படிக்கு ஒருமுறை போய்வந்தால் அந்தப் படி நன்றாக இருக்கிறது. மூன்று நான்கு முறை போய்வந்தால் அவர் இடத்தைத் தேடுகிறார்; அங்கே வெட்டு மிக இறுக்கமாகி அடையாளங்கள் போயிருக்கும், அல்லது கட்டம் பாதியை மட்டும் சுற்றியிருக்கும். சுட்டியைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால், அந்த இடமும் சரியான இடமும் படத்தில் ஒன்றுபோல் தெரிகின்றன என்று பொருள்.

முதல் ஸ்லைடின் மூலையில் மென்பொருளின் பதிப்பெண்ணைச் சிறிதாக எழுதி வையுங்கள். லிப்ரே ஆபிஸ் 2024 தொடக்கத்திலிருந்து ஆண்டும் மாதமும் சேர்ந்த எண்ணைப் பயன்படுத்துகிறது, 7.6-க்குப் பின் வந்தது 24.2. அடுத்த ஆண்டு உங்கள் ஸ்லைடுகளை எடுப்பவர், தம் பெட்டியில் ஒரு தேர்வு இடம் மாறியிருப்பதைக் கண்டால், எந்தப் படத்தை மட்டும் மறுபடி பிடிக்க வேண்டும் என்பதை அந்த எண்ணையும் மூலப்படக் கோப்புறையையும் வைத்து முடிவுசெய்துகொள்வார்.